டப்பாவில் எப்போதும் 300 வெள்ளி

*“ஊபியில் ஒரு சின்ன ஏர்கான் சர்வீஸ் கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். மொத்தம் ஒன்பது பேர். சில்லறைச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று கேட்டால் பாஸ் நூறோ இருநூறோ எடுத்துக் கொடுப்பார். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொள்வேன். போன மாதம், ஜூலையில், கணக்குப் பார்த்ததில் 63 வெள்ளி 40 காசு குறைந்தது. ‘உங்கள் பொறுப்புதானே’ என்றார். என் கைக்காசைப் போட்டு நிரப்பிவிட்டேன். ஆண்டுக் கணக்குப் பார்க்க வந்தவர் ‘இம்ப்ரெஸ்ட் முறைக்கு மாறிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது என்ன? என்னைப் போல ஒருவர் தனியாகச் செய்ய முடியுமா?” — பெயர் வேண்டாம், ஊபி*

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்த 63 வெள்ளி 40 காசைப் பேசிவிடுவோம். நீங்கள் அதைப் போட்டிருக்கக் கூடாது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, பணம் தொலைந்ததற்காக ஊழியரின் சம்பளத்தில் முதலாளி கழிக்க வேண்டுமானால், அந்த இழப்புக்கு அந்த ஊழியரே நேரடிக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கழிக்க முடியாது. உங்கள் பாஸ் சம்பளத்தில் கழிக்கவில்லை, நீங்களாகவே போட்டுவிட்டீர்கள். ஆனாலும் அந்தச் சட்டம் கேட்கிற கேள்வி உங்களுக்கும் பொருந்தும்: பணம் குறைந்தது உங்களால்தான் என்று யார் நிரூபித்தார்கள்?

யாராலும் நிரூபிக்க முடியாது. ஏனென்றால், உண்மையிலேயே குறைந்ததா என்பதே தெரியாது. போன மாதம் பாஸ் மூன்று தடவை கொடுத்தாரா, நான்கு தடவையா? நடுவில் அவரே டின்னைத் திறந்து ஐம்பது எடுத்தாரா? ஜூன் மாத மீதி எவ்வளவு? இதில் ஒன்று ஆட்டங்கண்டாலும் 63.40 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. உள்ளே எவ்வளவு வந்தது என்பதே நிச்சயமில்லாத டின்னில், எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கேட்கும்போது கொடுப்பது, முழு நூறாகக் கொடுப்பது, இந்த இரண்டும் சேர்ந்துதான் உங்களை மாட்டிவிட்டிருக்கின்றன.

இம்ப்ரெஸ்ட் என்பது முன்பணம் என்று பொருள்படும் பழைய சொல். தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூலில் முன்பண மீட்பு முறை என்பார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் ஒரே வரி. டின்னுக்கு ஒரு தொகையை நிர்ணயம் செய்கிறோம். 300 வெள்ளி என்று வையுங்கள். அதற்குப் பிறகு எந்த நாளில், எந்த நேரத்தில் டின்னைத் திறந்தாலும், உள்ளே இருக்கும் ரொக்கமும் வவுச்சர் எனப்படும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து 300 வர வேண்டும். ஒரு வெள்ளி வெளியே போனால் ஒரு வெள்ளிக்கான சீட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். சீட்டுகள் சேர்ந்து ரொக்கம் குறைந்ததும், அந்தச் சீட்டுகளை பாஸிடம் கொடுத்து அவற்றின் தொகையை மட்டும், காசு பிசகாமல், வாங்கித் திரும்ப நிரப்புகிறோம். டின் மறுபடியும் 300 ஆகிவிடும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வவுச்சர் எழுதுவார்கள், டப்பாவுக்குப் பூட்டுப் போடுவார்கள், தனி நோட்டுப் புத்தகம்கூட வைப்பார்கள். ஆனால் நிரப்பும்போது பாஸ், “சரி, ஒரு இருநூறு வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். செலவு 230.10 ஆக இருக்கும்போது 200 கொடுத்த அந்த நிமிடமே முறை செத்துவிட்டது. அதன் பிறகு டின்னில் இருக்க வேண்டிய தொகை 300 அல்ல, 269.90. அடுத்த முறை இன்னொரு முழுத் தொகை வந்து சேரும். மூன்றாவது மாதம் நீங்கள் ஜூலையில் நின்ற இடத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

தொகை எவ்வளவு வைப்பது? கடந்த மூன்று மாத ரசீதுகளை எடுத்து, ஒரு மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 220, 230 வாக்கில் வந்தால் 300 போதும். 1,000 வைத்தால் வசதிதான். ஆனால் சும்மா கிடக்கும் பணம் கண்ணை உறுத்தும், ஆளாளுக்குக் கைமாற்று கேட்பார்கள். 100 மட்டும் வைத்தால் வாரந்தோறும் பாஸைத் துரத்த வேண்டியிருக்கும். கூடவே, ஒரு செலவுக்கு உச்சவரம்பும் வேண்டும். 50 வெள்ளிக்கு மேல் போகும் எதையும் டின்னிலிருந்து கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுக்கலாம். உங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. வீடுகளுக்கு சர்வீஸ் செய்யப் போகும் ஊழியர்கள் வாடிக்கையாளர் கொடுத்த ரொக்கத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது இந்த டின்னுக்குள் ஒருபோதும் வரக் கூடாது. அதை முழுசாக வங்கியில் கட்ட வேண்டும். வரவும் செலவும் ஒரே டின்னில் கலந்தால் 300 என்ற எண் நிற்காது.

இனி ஒரு மாதத்தை ஓட்டிப் பார்ப்போம். முதல் நாள் பாஸ் வங்கியிலிருந்து 300 எடுத்துத் தருகிறார். வரிசை எண் அச்சிட்ட ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வவுச்சர். அதில் தேதி, எதற்கு, எவ்வளவு, வாங்கியவர் கையெழுத்து. பின்னால் கடை ரசீதைப் பின் அடித்துவிட வேண்டும். தப்பாக எழுதிய வவுச்சரைக் கிழித்துப் போடாமல் குறுக்குக் கோடு போட்டுப் புத்தகத்திலேயே விட்டுவிடுங்கள், எண் வரிசை அறுபடாமல் இருக்கட்டும்.

அந்த மாதம் ஒன்பது வவுச்சர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதுபொருள் 21.80. ஒப்பந்தப் பத்திரம் கொண்டுபோன டாக்சி 14.60. பேன்ட்ரிக்குக் காப்பித்தூள், மைலோ, சீனி 32.70. பதிவுத் தபால் 8.40. ஊழியர் பிறந்தநாளுக்கு கேக் 38.00. திருகாணி 6.50. புளோக்கின் கீழே இருக்கும் கடையில் சாவி வெட்டியது 12.00. எக்ஸ்டென்ஷன் வயர் 43.60. இரவு வேலை பார்த்தவர்களுக்குத் தேக்காவில் கட்டிவந்த சாப்பாடு 48.00. மொத்தம் 225.60. அப்படியானால் டின்னில் 74.40 இருக்க வேண்டும்.

இப்போது எண்ணுகிறோம். எண்ணும்போது நேராக மொத்தத்தைச் சொல்லிவிடாமல், எந்த நோட்டு எத்தனை என்று தாளில் எழுதிக்கொண்டே எண்ணுங்கள். ஐம்பது ஒன்று, பத்து ஒன்று, ஐந்து ஒன்று, இரண்டு வெள்ளி நோட்டு இரண்டு, ஐம்பது காசு ஒன்று, இருபது காசு இரண்டு. கூட்டினால் 69.90. நாலரை வெள்ளி குறைகிறது.

உங்கள் கை பர்ஸை நோக்கிப் போகும். போகக் கூடாது. முதலில் அந்த 4.50-ஐ உற்றுப் பாருங்கள். காசாக எழுதினால் 450. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. கணக்கு எழுதும் வேலையில் பழகியவர்களுக்கு இது ஒரு துப்பு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறி எழுதப்பட்டால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வவுச்சரையும் பின்னாலிருக்கும் ரசீதோடு ஒப்பிடுங்கள். பேன்ட்ரி வவுச்சரில் 32.70 என்று இருக்கிறது. ரசீதைத் திருப்பினால் 37.20. இரண்டும் ஏழும் இடம் மாறிவிட்டன. வவுச்சரைத் திருத்தி, திருத்திய இடத்தில் நீங்களும் பாஸும் சுருக்கொப்பம் இடுங்கள். வவுச்சர் மொத்தம் இப்போது 230.10. ரொக்கம் 69.90. சேர்த்தால் 300. யாரும் எதையும் எடுக்கவில்லை.

ஒன்பதின் மடங்காக இருந்தாலே இடமாற்றம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், தற்செயலாகவும் அப்படி அமையும். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வித்தியாசம் ஏதாவது ஒரு செலவின் தொகைக்குச் சரியாக இருந்தால், வவுச்சர் எழுத மறந்திருக்கலாம், அல்லது ஒரே செலவுக்கு இரண்டு எழுதியிருக்கலாம். 5, 10 என்று முழுசாக இருந்தால் மீதிச் சில்லறை வாங்கும்போதோ கொடுக்கும்போதோ தவறியிருக்கும்.

இப்படியெல்லாம் தேடியும் கிடைக்காவிட்டால்? அடுத்த மாதம் 2 வெள்ளி குறைகிறது, எங்கே போனது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை ரொக்கக் குறைவு என்று ஒரு வரியில் எழுதுங்கள். வவுச்சர் மொத்தத்தோடு அந்த இரண்டு வெள்ளியையும் சேர்த்துத்தான் நிரப்பும் தொகை கேட்க வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு சின்னச் செலவாகப் போகும். மாறாக 2 வெள்ளி கூடுதலாக இருந்தால் ரொக்க மிகுதி என்று எழுதி, அந்த அளவு குறைத்துக் கேட்க வேண்டும். கைக்காசைப் போட்டு நிரப்பாதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வது உங்கள் பணத்துக்காக மட்டும் இல்லை. குறையும்போது போடுகிறவர் மிஞ்சும்போது எடுத்துக்கொள்வது நியாயம்தானே என்று அவருக்கே தோன்றிவிடும். அதற்குப் பிறகு அந்த டின் எப்போதும் சரியாகவே காட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பது பாஸுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி வித்தியாசம் வருவது மனிதர்கள் கையாளும் ரொக்கத்துக்கு இயல்பு. மாதாமாதம் குறைவு மட்டுமே வந்து, அதுவும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, நிரப்புவதற்கு வருவோம். ஒன்பது வவுச்சர்களையும் ஒரு தாளில் வரிசை எண்ணோடு எழுதி, எண்ணிய நோட்டு விவரத்தையும் சேர்த்து பாஸிடம் கொடுங்கள். அவர் ஒவ்வொரு ரசீதையும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பணத்தை வைத்திருப்பவரே செலவை ஒப்புதல் செய்யக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்பது பேர் இருக்கும் ஆபீசில் வேறு ஆள் இல்லை என்பார்கள். பாஸ் இருக்கிறாரே, மாதம் பத்து நிமிடம் போதும். அவர் பார்த்து முடித்த உடனே, அவர் கண்முன்னால், வவுச்சரின் மேலும் ரசீதின் மேலும் ‘பெய்ட்’ முத்திரை விழ வேண்டும். வவுச்சரின் மேல் மட்டும் குத்திவிட்டு ரசீதை விட்டுவிட்டால், அதே ரசீது அடுத்த மாதம் வேறொரு வவுச்சரின் முதுகில் வந்து உட்காரும்.

அப்புறம் 230.10-ஐ வாங்குவது. ஏடிஎம் பத்துக் காசு தராது என்பதால்தான் பல பேர் 230 அல்லது 250 என்று முழுசாக எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, நிறுவனத்தின் கணக்கிலிருந்து பாஸின் சொந்தக் கணக்குக்கு 230.10 அனுப்பிவிட்டு, அவர் தன் கையிலிருந்து 230.10 ரொக்கமாக டின்னில் போடலாம். வங்கி அறிக்கையிலும் 230.10, நிரப்பும் தாளிலும் 230.10, டின்னில் போட்டதும் 230.10. மூன்றும் ஒரே எண்ணாக இருக்கும். உங்கள் சொந்தக் கணக்குக்கு வாங்க வேண்டாம். உங்கள் பணமும் ஆபீஸ் பணமும் ஒரே இடத்தில் சேர்ந்தால், நாளைக்கு ஒரு சந்தேகம் வரும்போது விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கு எழுதும் மென்பொருளில் பதிவு செய்வது எளிது. முதல் நாள் வங்கியிலிருந்து 300 குறைந்து, சில்லறை ரொக்கம் என்ற கணக்கில் 300 ஏறும். அதற்குப் பிறகு அந்தக் கணக்கைத் தொடவே கூடாது. மாதக் கடைசியில் நிரப்பும்போது எழுதுபொருள், போக்குவரத்து, பேன்ட்ரி என்று செலவுக் கணக்குகளில் மொத்தம் 230.10 போகும், வங்கியில் 230.10 குறையும். சில்லறை ரொக்கம் 300 ஆகவே நிற்கும். ஆண்டு முழுவதும் அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். நடுவில் வேறு வரிகள் தெரிந்தால், யாரோ முழுத் தொகை போட்டிருக்கிறார்கள் என்று மென்பொருளைத் திறந்த உடனே தெரிந்துவிடும். நிதியாண்டு முடியும் நாளில் மட்டும், டின்னில் பணம் நிறைய இருந்தாலும், கட்டாயம் நிரப்பி முடியுங்கள். இல்லாவிட்டால் டின்னுக்குள் கிடக்கும் வவுச்சர்கள் அடுத்த ஆண்டுச் செலவாகிவிடும்.

உங்கள் நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் ஒரு குறிப்பு. 2024 ஜனவரி 1 முதல் வரி 9 விழுக்காடு. ரசீதில் இருக்கும் மொத்தத்தில் 109-இல் 9 பங்கு வரி. எக்ஸ்டென்ஷன் வயர் 43.60 என்றால் அதில் 3.60 வரி, 40 வெள்ளிதான் செலவு. 1,000 வெள்ளிக்கு உட்பட்ட வாங்கலுக்கு, கடைக்காரரின் ஜிஎஸ்டி பதிவு எண், வரி உட்பட்ட தொகை போன்ற விவரங்கள் உள்ள சாதாரண ரசீதே போதும், உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. நெட்ஸ் இயந்திரம் தரும் சின்னச் சீட்டு போதாது. சாவி வெட்டியவர் ரசீது தரவில்லையா, வவுச்சரில் இடத்தையும் காரணத்தையும் எழுதி, போய் வந்தவர் கையெழுத்திடட்டும். செலவு செலவுதான், ஆனால் அதில் வரியைத் திரும்பக் கேட்க முடியாது. பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சாகும் ரசீதுகள் அதற்கு முன்பே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து ஆபீஸ் கோப்பில் போட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாமே நீங்கள் செய்யக்கூடியது. கஷ்டமானது பாஸ்தான். என் அனுபவத்தில் சிறிய ஆபீசுகளில் இந்த முறையை உடைப்பவர் பெரும்பாலும் பணியாளர் இல்லை. முதலாளி அவசரமாக வெளியே கிளம்பும்போது, “ஒரு ஐம்பது கொடுங்கள், அப்புறம் தருகிறேன்” என்பார். கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். டின்னிலேயே ஒரு வேறு நிறத் தாள்கட்டு வைத்திருங்கள். “50 வெள்ளி, தேதி, பெயர், கையெழுத்து.” அவ்வளவுதான். அந்தத் தாள் ரொக்கத்துக்குப் பதிலாக டின்னுக்குள் இருக்கும். எண்ணும்போது ரொக்கமும் வவுச்சரும் இந்தத் தாளும் சேர்ந்து 300. அவர் 50 திருப்பித் தந்ததும் அவர் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். செலவு செய்து ரசீது கொண்டுவந்தால், தாளைக் கிழித்துவிட்டு வவுச்சர் எழுதுங்கள்.

சாப்பாடு வாங்க அனுப்பும் ஊழியருக்கும் இதுதான். ஐம்பது கொடுக்கிறீர்கள், தாளில் கையெழுத்து வாங்குகிறீர்கள். அவர் 48 வெள்ளி ரசீதும் 2 வெள்ளி மீதியும் கொண்டுவருகிறார். தாள் போய், 48-க்கு வவுச்சர் வருகிறது. டின் ஒரு நிமிடம்கூட 300-ஐ விட்டு விலகவில்லை. நிரப்பும் நாளன்று இப்படிப்பட்ட தாள் ஒன்றுகூட டின்னில் நிலுவையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். அது செலவு அல்ல, கடன். அதற்காகப் பணம் கேட்டு நிரப்பினால், கடன் செலவாக மாறிவிடும்.

இப்போது நம் ஊரில் புதிதாக ஒரு ஓட்டை வந்திருக்கிறது. ஊழியர் கடையில் தன் போனில் ‘பேநவ்’ செய்துவிடுகிறார். பிறகு ரசீதை உங்களிடம் காட்டி டின்னிலிருந்து ரொக்கம் வாங்குகிறார். இதில் தப்பில்லை. ஆனால் அதே ரசீதை வாட்ஸ்அப்பில் பாஸுக்கும் அனுப்பியிருப்பார், பாஸும் நல்ல மனதோடு உடனே பேநவ் செய்திருப்பார். ஒரே செலவுக்கு இரண்டு தடவை பணம். பல நேரம் அந்த ஊழியருக்கே நினைவிருக்காது. டின் 300 சரியாகத்தான் காட்டும், இதைப் பிடிக்காது. ஆகவே ஒரே வழியைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். 50 வெள்ளிக்குள் இருந்தால் டின்னில் மட்டும், அதற்கு மேல் போனால் பாஸ் வங்கி வழியாக மட்டும். போனில் கட்டியதற்குப் பணம் வாங்கும்போது காகித ரசீதையே வாங்கிக்கொள்ளுங்கள், போன் திரையில் காட்டும் படத்தை ஏற்காதீர்கள். ஒரு படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இந்த முறைக்கு எட்டாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்கை நான் பார்த்து வந்தேன். அங்கே டின்னை வைத்திருந்த அம்மா மிகவும் கவனமானவர். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எண்ணினால் ஒரு காசு பிசகாது. ஒரு தடவை வேறு வேலையாகப் பதினொன்றாம் தேதி போயிருந்தேன். வந்ததுதான் வந்தோம், டின்னையும் எண்ணிவிடுவோமே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. 140 வெள்ளி குறைந்தது. வீட்டில் மருத்துவச் செலவு. மாத நடுவில் எடுத்துச் சம்பள நாளில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிகூட அவர் கடைசியில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவரை அந்த நிலைக்குத் தள்ளியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். எண்ணும் நாள் எதுவென்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் முன்பணம் கொடுக்க முதலாளியும் தயாராக இருந்தார்.

அதனால் மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், பாஸ் வந்து எண்ணட்டும். நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்கள் இல்லாதபோது யாரும் டின்னைத் திறக்கக் கூடாது. எண்ணி முடித்ததும் தாளில் தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உங்களை நம்பாததால் இப்படிச் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். அப்படி நடு மாதத்தில் எண்ணிச் சரியாக இருந்தது என்று கையெழுத்திட்ட தாள்கள் ஆறு உங்கள் கோப்பில் இருந்தால், ‘உங்கள் பொறுப்புதானே’ என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. நீங்கள் விடுப்பில் போகும்போதும் இதேதான். பொறுப்பை வாங்குகிறவரோடு சேர்ந்து எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். ஒரு டின்னுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் பொறுப்பு. இரண்டு பேரிடம் சாவி இருந்தால், குறையும்போது யாரையும் கேட்க முடியாது.

பொய் ரசீதையும் டின் காட்டிக்கொடுக்காது. பதினைந்து வெள்ளிக்கு வாங்கிவிட்டு இருபது என்று எழுதிக்கொடுக்கச் சொன்னால், டின் 300 காட்டத்தான் செய்யும். அதை பாஸின் கண்தான் பிடிக்க வேண்டும். ரசீதைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிற பாஸ் இருந்தால், எத்தனை வவுச்சர் எழுதினாலும் அந்தப் பாதி வேலை நடக்காது.

எப்படித் தொடங்குவது? பழைய டின்னோடு சேர்த்துத் தொடங்காதீர்கள். ஒரு நாள் மாலையில் நீங்களும் பாஸும் உட்கார்ந்து பழைய டின்னை எண்ணுங்கள். கையில் இருக்கும் ரசீதுகளை எல்லாம் பதிவு செய்து முடித்துவிடுங்கள். மிச்சமுள்ள ரொக்கம் முழுவதையும் வங்கியில் கட்டிவிடுங்கள், பழைய கணக்கு அதோடு மூடப்படட்டும். அப்போதே ஜூலையில் நீங்கள் போட்ட 63 வெள்ளி 40 காசையும் பேசுங்கள். “பாஸ், நீங்கள் மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நம் இருவரிடமும் எழுத்தில் இல்லை. இது குறைந்தது என்று சொல்ல முடியாது. இதை நிறுவனம் திருப்பித் தர வேண்டும்” என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அது திரும்பி வரும்போது வங்கி வழியாக உங்களுக்கு வரட்டும், டின்னிலிருந்து எடுக்க வேண்டாம்.

மறுநாள் காலை வங்கியிலிருந்து புதிதாக 300. பத்து, ஐந்து, இரண்டு வெள்ளி நோட்டுகளாகவும் கொஞ்சம் சில்லறையாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதாக வாங்கினால் முதல் டாக்சிக்கே சில்லறை இல்லாமல் திண்டாடுவீர்கள். டின் மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாளில் 300.00 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். திறக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் அந்த எண்ணைப் பார்க்கட்டும்.